பி.எஃப்., இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு: கூலியோடு சேர்ப்பதா, ஓவர்ஹெட்டில் போடுவதா?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலைக்கு அடக்கவிலைக் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். உற்பத்தியில் நேரடியாக நிற்பவர்கள் இருபது பேர். பொருள் இரண்டே இரண்டு. ஒன்று பம்ப் கேசிங்: வார்ப்பு வெளியிலிருந்து வருகிறது, சி.என்.சி. மெஷினில் கடைந்து துளை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இன்னொன்று ஃபுட் வால்வு: மெஷினில் கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் பென்ச் வேலை. பிசிறு எடுக்க வேண்டும், ரப்பர் வாஷர் பொருத்த வேண்டும், தண்ணீர் அழுத்தத்தில் கசிவு பார்க்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும்.

முதலாளி சொன்ன குறை இதுதான்: "கேசிங்குல நம்ம விலை எடுபடவே மாட்டேங்குதுங்க. ஃபுட் வால்வுக்கு மட்டும் ஆர்டர் வந்து குவியுது. ராத்திரி பகலா ஓட்டறோம், ஆனா வருஷக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கறதில்லீங்க."

இப்படி ஒரு பொருள் விலை படியாமலும் இன்னொன்று கேட்ட மாத்திரத்தில் ஆர்டராகியும் போனால், சந்தையைக் குறை சொல்லும் முன் காஸ்ட் ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும். அங்கே பிழை பல இருந்தன. அவற்றில் பெரியது, பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் உட்கார்ந்திருந்த இடம். இந்தச் செலவை வைக்க மூன்று இடங்கள் உண்டு. நிர்வாகச் செலவில் போட்டுப் பொருளின் அடக்கவிலையில் காட்டாமலே விடலாம். தொழிற்சாலை ஓவர்ஹெட்டில் போட்டு எல்லாப் பொருளுக்கும் பிரிக்கலாம். அல்லது ஆளின் மணிக்கூலியிலேயே ஏற்றிவிடலாம். மூன்றையும் இந்த ஒரு தொழிற்சாலையின் கணக்கை வைத்தே பார்க்கிறேன். எண்கள் 2024-25 நிதியாண்டின் விகிதங்களில் போட்டவை. கணக்கு எளிதாக இருக்க, இருபது பேருக்கும் ஒரே சம்பளம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் தொகை எவ்வளவு

மொத்தச் சம்பளம் மாதம் 16,000 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000, வீட்டு வாடகைப் படி 3,000. அந்த ஆண்டின் விதிப்படி பி.எஃப். கணக்கில் வாடகைப் படி சேராது, இ.எஸ்.ஐ.யில் சேரும். ஆகவே பி.எஃப். 13,000 மீதும் இ.எஸ்.ஐ. 16,000 மீதும் போட வேண்டும்.

பி.எஃப்.பில் முதலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,560. இதில் ஒரு பகுதிதான் ஓய்வூதியத்துக்குப் போகிறது என்றாலும் செலவுக் கணக்குக்கு அந்தப் பிரிவினை வேண்டியதில்லை. இதற்கு மேல் ஆயுள் காப்பீட்டுக்கு அரை சதவீதம் 65 ரூபாய், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம் 65 ரூபாய். மொத்தம் 1,690. இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், 520 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஓர் ஆளுக்கு மாதம் 2,210.

பலர் 13-ஐயும் 3.25-ஐயும் கூட்டி, 16.25 சதவீதத்தை மொத்தச் சம்பளத்தின் மீது போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் 2,600 வரும். உண்மைச் செலவைவிட 390 ரூபாய் அதிகம். இந்த ஆளுக்குச் சரியான சதவீதம் 13.81. அதை மனக்கணக்கில் பிடிக்க முடியாது. சம்பளப் பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்தத் தொழிற்சாலையில் தொகையே தவறாகத்தான் இருந்தது. தொழிலாளிக்குக் கையில் கொடுத்த 14,320 ரூபாயைக் கூலிக் கணக்கில் எழுதியிருந்தார்கள். வங்கியில் கட்டிய செலான் தொகை 3,890 முழுவதையும் பி.எஃப்.-இ.எஸ்.ஐ. செலவு என்று எழுதியிருந்தார்கள். கூட்டினால் 18,210 சரியாக வரும். அதனால் ஆடிட்டில் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த 3,890-இல் 1,680 ரூபாய் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணம்: பி.எஃப். 1,560, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 120. அது கூலி. அவர் உழைத்துச் சம்பாதித்து, அவர் பெயரில் கட்டப்பட்ட பணம். அதை முதலாளி தனியாகத் தரும் சலுகை போலக் கணக்கில் காட்டியதால் கூலி குறைந்தும் "சட்டச் செலவு" கொழுத்தும் தெரிந்தது. இந்தப் பிழை உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்க்க, வருடத்தின் பி.எஃப்.-இ.எஸ்.ஐ. செலவைக் கூலியால் வகுத்துப் பாருங்கள். 17 சதவீதத்துக்கு மேல் வந்தால் தொழிலாளி பங்கும் உள்ளே கலந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இங்கே 27 சதவீதம் வந்தது.

அதைத் திருத்திய பிறகு இருபது பேருக்கும் வருடத்துக்கு முதலாளி பங்கு 5,30,400 ரூபாய். எங்கே வைப்பது என்ற கேள்வி இந்தத் தொகையைப் பற்றியதுதான்.

நிர்வாகச் செலவில் போட்டால்

இது எளிய வழி. செலான் வந்ததும் லாப நட்டக் கணக்கில் ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். லாபத்துக்கு மேல் லாபம் வைத்து விற்கும் தொழிலில் இதனால் பெரிய சேதம் வராது. ஒரு பொருளுக்கு ஐந்து, பத்து ரூபாய் பேரம் பேசும் ஜாப் ஒர்க்கில் இது ஆபத்து. ஆள் வேலைக்கு வந்தால் மட்டுமே உண்டாகும் செலவை, ஆளே இல்லாவிட்டாலும் நடக்கும் அலுவலக வாடகையோடு சேர்த்து வைக்கிறோம்; விலை சொல்பவர் கண்ணில் அது படுவதே இல்லை.

இருப்பு மதிப்பீட்டிலும் இது நிற்காது. கணக்கியல் தரம் 2-இன்படி, முடிந்த பொருளின் இருப்பில் அதை உருவாக்கிய நேரடி உழைப்பும் உற்பத்தி ஓவர்ஹெட்டும் சேர வேண்டும். உற்பத்தித் தொழிலாளியின் பி.எஃப். அதிலிருந்து விடுபட்டால் இருப்பு குறைவாகவும் அந்த வருட லாபம் குறைவாகவும் தெரியும். செலவுக் கணக்கியல் தரம் 7 இதை இன்னும் தெளிவாகவே சொல்கிறது: பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்ற நிதிகளுக்கு முதலாளி கட்டுவது ஊழியர் செலவின் பகுதி. அலுவலக ஊழியர்களின் பங்கு நிர்வாகச் செலவுக்குப் போகட்டும், அது நியாயம். கடைசல் மெஷின் முன்னால் நிற்பவரின் பங்கு அங்கே போக முகாந்திரம் இல்லை.

ஓவர்ஹெட்டில் போட்டால்

இந்தத் தொழிற்சாலை செய்துவந்தது இதைத்தான். மின்சாரம், பராமரிப்பு, மேற்பார்வையாளர் சம்பளம் என்று எல்லாவற்றையும் ஓவர்ஹெட்டாகச் சேர்த்து, மெஷின் மணிக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். மின்சாரத்துக்கு மெஷின் மணி சரியான அளவுகோல். அதே அளவுகோலில் பி.எஃப்.பையும் அளந்ததுதான் கோளாறு.

வருடத்துக்கு மெஷின் ஓடியது 26,000 மணி. 5,30,400-ஐ அதால் வகுத்தால் மெஷின் மணிக்கு 20.40 ரூபாய். கேசிங் ஒன்றுக்கு மெஷின் அரை மணி நேரம் ஓடுகிறது. ஃபுட் வால்வுக்கு ஆறே நிமிடம். ஆகவே கேசிங்கின் தலையில் 10.20 ரூபாய், வால்வின் தலையில் 2.04 ரூபாய் பி.எஃப்.-இ.எஸ்.ஐ. விழுந்தது.

ஆனால் அங்கே ஒரு ஆபரேட்டர் இரண்டு மெஷினைப் பார்த்துக்கொள்கிறார். கேசிங்குக்கு மெஷின் அரை மணி ஓடினாலும் ஆள் நேரம் கால் மணிதான். வால்வுக்கு மெஷின் ஆறு நிமிடம். ஆனால் பென்ச்சில் 45 நிமிடமும் ஆபரேட்டர் பங்கு 3 நிமிடமும் சேர்த்து ஆள் நேரம் 48 நிமிடம். வேலை செய்தவர்களின் வருங்கால வைப்பு நிதி வால்வில்தான் பெரும்பகுதி செலவாகிறது. காஸ்ட் ஷீட்டோ அதைக் கேசிங்கிடம் வசூலித்துக்கொண்டிருந்தது. பழைய பதிவில் தொழிலாளி பங்கும் சேர்ந்திருந்ததால் மெஷின் மணிக்கு ஏறியது 20.40 அல்ல, 35.91 ரூபாய்.

ஓவர்ஹெட் முறை எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஸ்டோர் ஆள், மேற்பார்வையாளர், பராமரிப்பு ஃபிட்டர் இவர்களுடைய நேரத்தை எந்தப் பொருளுக்கும் நேராகக் காட்ட முடியாது. அவர்களின் முதலாளி பங்கு அவர்களுடைய சம்பளத்தோடு ஓவர்ஹெட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரே பொருள் செய்யும் தொழிற்சாலையில் எங்கே வைத்தாலும் விடை ஒன்றுதான். நேரடி ஆட்களின் பங்கையும்கூட மெஷின் மணிக்குப் பதில் ஆள் மணியால் பிரித்தால், அடுத்து வரும் முறைக்கு மிக அருகில் வந்துவிடலாம்.

மணிக்கூலியில் ஏற்றினால்

இதற்கு முதலில் ஆளின் உண்மையான வேலை மணி தெரிய வேண்டும். பெரும்பாலோர் சம்பளத்தை 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்து, 16,000-க்கு மணிக்கு 76.92 என்று எழுதிவிடுகிறார்கள். ஞாயிறு போக வருடத்தில் 313 நாள். தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாள் சம்பளத்தோடு தர வேண்டும். அந்த ஆண்டில் நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு, சுமார் 14 நாள். மிஞ்சுவது 290 நாள். அதிலும் டீ நேரம், ஷிப்ட் மாறும் நேரம், மெஷின் துடைக்கும் நேரம் எல்லாம் போக, பொருளின் மீது கை படுவது நாளுக்கு 7 மணி என்று அங்கே ஜாப் கார்டுகளில் இருந்து எடுத்தோம். ஆக 2,030 மணி.

இதை இங்கே விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. விடுமுறை நாளுக்கும் விடுப்பு நாளுக்கும் தரும் சம்பளத்தின் மீதும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறோம். ஓர் ஆளுக்கு வருடத்தில் கட்டும் 26,520 ரூபாயையும் வேலை நடக்கும் மணிகள்தான் சுமக்க வேண்டும். 26,520-ஐ 2,030-ஆல் வகுத்தால் மணிக்கு 13.06 ரூபாய். கூலி 94.58. இரண்டும் சேர்ந்து 107.64. கையில் வைத்திருந்த 76.92-க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்ததும் முதலாளி கால்குலேட்டரை என்னிடமிருந்து வாங்கி, தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார்.

இந்த 13.06-ஐ வைத்தால் கேசிங்குக்கு 3.27 ரூபாய், வால்வுக்கு 10.45 ரூபாய் முதலாளி பங்கு வருகிறது. மெஷின் மணி முறையோடு ஒப்பிட்டால் கேசிங் ஒன்றுக்கு 6.93 ரூபாய் அதிகமாகவும், வால்வு ஒன்றுக்கு 8.41 ரூபாய் குறைவாகவும் அடக்கவிலை போட்டுவந்திருக்கிறார்கள். வருடத்துக்கு 44,640 கேசிங், 36,800 வால்வு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிக் கிடந்த தொகை சுமார் 3.1 லட்சம். மொத்தச் செலவில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, குறையவில்லை. விலை சொல்லும்போது மட்டும், லாபம் வரக்கூடிய கேசிங்கை விலை ஏற்றித் துரத்திவிட்டு, இழப்பு தரும் வால்வை வலியப் போய் வாங்கியிருக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது: செலவு ஆளோடு நடக்கட்டும். ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கே அவருடைய பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் நிற்கட்டும். நேரடி ஆளுக்கு மணிக்கூலியில், மறைமுக ஆளுக்கு ஓவர்ஹெட்டில், அலுவலக ஆளுக்கு நிர்வாகத்தில்.

மணிக்கூலி முறையில் சறுக்கும் இடங்கள்

எல்லா ஆளுக்கும் ஒரே சதவீதம் போடுவது முதல் சறுக்கல். சி.என்.சி. செட்டர் ஒருவருக்கு மாதம் 24,000 என்று வையுங்கள். 21,000 உச்சவரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. கிடையாது. பி.எஃப்.பும் சட்ட உச்சவரம்பான 15,000 மீதுதான் கட்டுகிறார்கள் என்றால் மொத்தம் 1,950 ரூபாய். அவர் சம்பளத்தில் 8.13 சதவீதம். ஹெல்பருக்கு 13,000, படி எதுவும் பிரிக்காத சம்பளம். அவருக்கு பி.எஃப். 1,690, இ.எஸ்.ஐ. 422.50, மொத்தம் 2,112.50, முழு 16.25 சதவீதம். பாதிச் சம்பளக்காரருக்குக் கட்டுவது ரூபாய்க் கணக்கிலேயே செட்டருக்குக் கட்டுவதைவிட அதிகம். எல்லோருக்கும் சராசரி 12 சதவீதம் என்று போட்டால் ஹெல்பர் வேலை மலிவாகவும் செட்டர் வேலை விலை ஏறியும் தெரியும். குறைந்தது இரண்டு, மூன்று தரமாகப் பிரித்துத் தனித்தனி மணிக்கூலி வைக்க வேண்டும்.

ஓ.டி. அடுத்தது. நான் எடுத்துக்கொண்ட ஆண்டின் விதிப்படி ஓ.டி. கூலிக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. உண்டு. இரட்டைக் கூலியாக மணிக்கு 153.85 தந்தால் அதன் மேல் 5 ரூபாய்தான் ஏறும். வழக்கமான 13.81 சதவீதத்தை அங்கேயும் போட்டால் 21 ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். அவசர ஆர்டருக்குச் சொல்லும் விலை வீணாகக் கூடும். ஓ.டி.யால் 21,000-ஐத் தாண்டினாலும் ஆள் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உச்சவரம்பைப் பார்க்கும்போது ஓ.டி.யை விட்டுவிட வேண்டும். பங்கு கட்டும்போது சேர்க்க வேண்டும்.

தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் இதில் சேர்க்கவே கூடாது. 15-ஆம் தேதிக்குள் கட்டத் தவறி வரும் அபராதம் பொருளைச் செய்ததால் வந்த செலவு அல்ல. தரம் 7-உம் அதை ஊழியர் செலவிலிருந்து விலக்குகிறது.

ஒப்பந்தத் தொழிலாளரை வைப்பதா என்ற கேள்வியும் இந்த மணிக்கூலி இல்லாமல் தீராது. இதே முதலாளியிடம் ஒரு காண்ட்ராக்டர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து ஷிப்டுக்கு 690 ரூபாய் கேட்டிருந்தார். சொந்த ஆளுக்கு 16,000-ஐ 26-ஆல் வகுத்து 615 என்று வைத்திருந்ததால், விலை அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். உண்மையில் வேலைக்கு வரும் ஒரு நாளுக்குச் சொந்த ஆளின் செலவு 753 ரூபாய். இதைச் சொன்னதும் காண்ட்ராக்டரைக் கூப்பிட நினைத்தார். நான் தடுத்து, அவரிடம் முந்தைய மூன்று மாத செலான்களைக் கேட்கச் சொன்னேன், ஆட்களின் பெயர்ப் பட்டியலோடு. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் அந்தப் பணம் தொழிற்சாலை உரிமையாளர் மீதே விழும். தொழிலாளிக்கோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அட்டை செல்லாதது தெரியவரும். 690-இல் அந்தப் பங்கு உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்காமல் 753-ஓடு ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல.

புத்தகத்தில் என்ன செய்வது

காஸ்ட் ஷீட்டில் கூலியோடு சேர்ப்பதால் லெட்ஜரிலும் கலந்துவிட வேண்டும் என்பதில்லை. கலக்கவே கூடாது. நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஊழியர் செலவுக்குள் பி.எஃப். முதலிய நிதிகளுக்கான பங்கைத் தனியாகக் காட்டச் சொல்கிறது. நான் எடுத்துக்கொண்ட ஆண்டின் விதிப்படி வருமான வரியிலும் இரண்டு பங்குக்கும் இரண்டு விதி. முதலாளி பங்கை ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் கட்டினால் செலவாக ஏற்பார்கள். தொழிலாளியிடம் பிடித்த பங்கை பி.எஃப்., இ.எஸ்.ஐ. சட்டம் சொன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் அந்தக் கழிவு போயே போய்விடும். உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் இதை உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே முதலாளி பங்குக்கு ஒரு செலவுக் கணக்கு, தொழிலாளியிடம் பிடித்ததற்கு ஒரு கடன் கணக்கு, கூலிக் கணக்கில் பிடித்தத்துக்கு முந்தைய முழுச் சம்பளம். டேலியில் முதலாளி பங்கையே உற்பத்தி, மறைமுகம், அலுவலகம் என்று மூன்று காஸ்ட் சென்டருக்குப் பிரித்துவிட்டால், மாதக் கடைசியில் காஸ்ட் ஷீட்டுக்கு வேண்டியது தானாக வந்து நிற்கும்.

மணிக்கூலியை வருடத்துக்கு இரண்டு முறை புதிதாகப் போடச் சொன்னேன்: ஏப்ரல் 1, அக்டோபர் 1. ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி மாறும். இ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலமும் அந்த இரண்டு தேதிகளில்தான் தொடங்குகிறது. மே மாதம் ஒருவருக்குச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் செப்டம்பர் முடியும் வரை அவருக்குக் கட்டியாக வேண்டும். அக்டோபரில்தான் அது நிற்கும். 2025 நவம்பர் 21-இல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதி ஊதியத்தில் சேரும் என்ற வரையறையும் வந்திருக்கிறது. இந்தத் தொழிற்சாலையில் 16,000-இல் 13,000 அடிப்படையும் பஞ்சப்படியும் என்பதால் அது தொடவில்லை. அடிப்படையைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் வைத்திருப்பவர்கள் தங்கள் மணிக்கூலியைக் கட்டாயம் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாளி அன்று சாயங்காலமே பழைய கொட்டேஷன் ஃபைலை எடுத்தார். திரும்பிப்போன கேசிங் கொட்டேஷன்கள் மூன்று இருந்தன. அவற்றில் இரண்டில், விலை படியாமல் போனது ஒரு கேசிங்குக்கு ஆறு ரூபாய்க்கும் குறைவான வித்தியாசத்தில்.